ஆக்சிமீட்டரில் 97, ஆனாலும் மூச்சு வாங்குகிறது: ஒரு கண்டக்டரின் ஐந்து மாத அலைச்சல்

படியேறி வந்து திண்ணையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார். மகன் ஓடிவந்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டுகிறான். 97 காட்டுகிறது. "அப்பா, ஆக்சிஜன் நல்லாத்தான இருக்கு, பயப்படாதீங்க" என்கிறான். அவருக்குப் பயத்தோடு இப்போது கோபமும் சேர்ந்துகொள்கிறது. தான் நடிப்பதாக வீட்டில் நினைக்கிறார்களோ என்ற கோபம்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர், வயது 62. முப்பது வருஷத்துக்கு மேல் பீடி பழக்கம், விட்டு நாலு வருஷம் ஆகிறது. நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி தரும் எங்கள் பிரிவுக்கு அவர் வந்து சேர்வதற்குள் ஐந்து மாதமும் ஒரு லட்ச ரூபாய்க்கு மேலும் கரைந்திருந்தன. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதை ஏன் முதல்லயே யாரும் சொல்லல?" அவர் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல், அவர் பட்டதை வரிசையாகச் சொல்கிறேன். இடையிடையே அவர் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்த பிறகுதான் அவருக்குப் பாதி பயம் போனது.

ஆரம்பத்தில் அவர் மறைத்தார். மார்க்கெட்டிலிருந்து வரும்போது பாதி வழியில் நின்று போனை எடுத்துப் பார்ப்பது போல நிற்பார். கூட வருபவர் பேசினால் தலையை மட்டும் ஆட்டுவார், பேசினால் மூச்சு போய்விடும். மாடியில் துணி காயப்போடுவது அவர் வேலையாக இருந்தது, அதை ஏதோ சாக்குச் சொல்லி நிறுத்தினார். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈசிஜி, எக்கோ, கடைசியில் ஆஞ்சியோகிராம். எல்லாம் சரியாக இருந்தது. இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், பீடி குடித்த 62 வயதுக்காரருக்கு மூச்சு வாங்கினால் இதயத்தைப் பார்க்கத்தான் வேண்டும். தப்பு அதற்கு அப்புறம் நடந்தது. இதயம் நன்றாக இருக்கிறது, ஆக்சிமீட்டரும் 97, அப்படியானால் "டென்ஷன்" என்று முடிவுகட்டித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்கு சில நூறு ரூபாய்தான் ஆகும். அதை மட்டும் யாரும் செய்யவில்லை. நடுவில் யாரோ சொன்னதைக் கேட்டு 48,000 ரூபாய்க்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஒன்றையும் வாங்கிவிட்டார்.

இந்தக் குழப்பம் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் குறைகிறது என்று நினைக்கிறோம். உடம்பு அப்படிக் கட்டப்படவில்லை. நுரையீரல், இதய நோய் இல்லாதவர் ஒருவர் சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும், விரலில் ஆக்சிமீட்டர் இருக்கட்டும். இனி ஒரு நொடிகூட முடியாது என்று மூக்கை விடுகிற கணத்தில் மீட்டரைப் பார்த்தால், அது பெரும்பாலும் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். அந்தத் தவிப்பைக் கிளப்பியதில் ஆக்சிஜனுக்குப் பங்கு மிகக் குறைவு. பெரிய பங்கு கார்பன் டை ஆக்சைடுக்கு. ரத்தத்தில் அது கொஞ்சம் ஏறினாலே மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கும் உணர்விகள் கண்டுபிடித்து, மூச்சை இயக்கும் மையத்தை விரட்டும். ஆக்சிஜனைக் கவனிப்பவை கழுத்தில் கரோடிட் நாளம் பிரிகிற இடத்தில் இருக்கும் கடுகளவுத் திசுக்கள். அவை சத்தமாகக் கத்த ஆரம்பிப்பது ஆக்சிமீட்டர் 90-ஐ ஒட்டி இறங்கிய பிறகுதான்.

சரி, அப்போது கார்பன் டை ஆக்சைடுதான் காரணம் என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியாது. 1954-ல் ஃபௌலர் என்ற உடலியலாளர் செய்த சோதனை எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. சிலரிடம் மூச்சை அடக்கச் சொல்லி, தாங்க முடியாத கட்டம் வந்ததும் ஒரு பையிலிருந்து மூச்சு இழுத்து விட அனுமதித்தார். பையில் இருந்தது நல்ல காற்று இல்லை. ஆக்சிஜன் சுமார் 8 சதவீதம்தான், கார்பன் டை ஆக்சைடு 7 சதவீதத்துக்கு மேல். அதை இழுத்தால் ரத்தத்தின் நிலை சரியாகாது, மோசமாகத்தான் ஆகும். ஆனாலும் சில மூச்சு இழுத்து விட்டவுடனே தவிப்பு அடங்கியது, அவர்களால் மறுபடி மூச்சை அடக்க முடிந்தது. நெஞ்சு அசைந்தது, நுரையீரல் விரிந்தது, மூளைக்கு அதுவே போதுமாக இருந்தது. (இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். பிளாஸ்டிக் பையில் மூச்சு விடுவது உயிருக்கு ஆபத்து.)

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்த சான்று 1990-ல் வெளியானது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு உடம்பின் தசைகள் முழுவதும் செயலிழக்கும் மருந்தைக் கொடுத்து, வென்டிலேட்டர் மூலம் சீராக மூச்சு கொடுத்துக்கொண்டே கார்பன் டை ஆக்சைடை மட்டும் ஏற்றினார்கள். ஒரு தசைகூட அசையவில்லை, ஆனாலும் மூச்சு முட்டியது என்று பிறகு சொன்னார்கள். ஆக, தசை உழைப்பதால் மட்டும் மூச்சுத்திணறல் வருவதில்லை. முகுளம் "இன்னும் இழு" என்று விலாத் தசைகளுக்கும் உதரவிதானத்துக்கும் கட்டளை அனுப்பும்போதே, அந்தக் கட்டளையின் நகல் ஒன்று மூளையின் உணர்வுப் பகுதிகளுக்கும் போகிறது. இவ்வளவு கேட்டிருக்கிறேன் என்று மூளைக்கு அப்படித்தான் தெரிகிறது.

எவ்வளவு கிடைத்தது என்பதை வேறு நரம்புகள் சொல்கின்றன. நுரையீரல் விரியும்போது மூச்சுக்குழாய்ச் சுவரில் இருக்கும் உணர்விகள் இழுபட்டு வேகஸ் நரம்பு வழியாக "விரிந்துவிட்டது" என்று சேதி அனுப்பும். நெஞ்சுத் தசைகளிலும் அவற்றின் தசைநாண்களிலும் இருக்கும் உணர்விகள், தசை எவ்வளவு சுருங்கியது, எவ்வளவு பாரம் இழுத்தது என்று சொல்லும். மூக்கின் மேலும் மேலுதட்டிலும் படும் காற்றின் குளிர்ச்சிகூட முகத்து நரம்பு வழியாக இந்தக் கணக்கில் சேர்கிறது. கேட்டதும் கிடைத்ததும் பொருந்தினால், ஓட்டப்பந்தயத்தில் மூச்சு வாங்கினாலும் நமக்குப் பயம் வராது, ஏனென்றால் கேட்ட அளவுக்கு நெஞ்சு விரிகிறது. கேட்டது அதிகம், கிடைத்தது குறைவு என்றால் அந்த இடைவெளிதான் மூச்சுத்திணறலாகத் தெரிகிறது. அதை உணர்வதில் மூளையின் இன்சுலா என்ற பகுதிக்கு முக்கியப் பங்கு. வலியின் வேதனையிலும் அதே பகுதிக்குப் பங்கு உண்டு என்பதைக் கவனியுங்கள்.

இப்போது கண்டக்டருடைய நெஞ்சுக்கு வருவோம். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் காத்திருந்து ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னார்கள். முழுதாக ஊதியது 2.9 லிட்டர், அதில் முதல் ஒரு நொடியில் வந்தது 1.3 லிட்டர் மட்டும். வகுத்தால் 0.45. மருந்துக்குப் பிறகும் இது 0.7-க்குக் கீழே இருந்தால் குழாய்களில் நிரந்தர அடைப்பு இருக்கிறது என்று பொருள். இதற்குப் பெயர் சிஓபிடி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பீடி அவருடைய நுரையீரலின் மீள்தன்மையைத் தின்றிருந்தது. அவருக்கு இழுப்பதில் அடைப்பு இல்லை, வெளியே விடுவதில்தான் அடைப்பு. குழாய்கள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்கின்றன.

உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 15 மூச்சு, ஒரு மூச்சுக்கு 4 நொடி. வெளியே விட இரண்டரை நொடி கிடைக்கிறது, ஓரளவு காலியாகிறது. அந்த நிலையிலிருந்து முழுதாக இழுக்கச் சொன்னால் 2.2 லிட்டர் இழுத்தார். அதாவது உள்ளே அவ்வளவு இடம் இருந்தது. பிறகு படியேற வைத்தோம். மூச்சு நிமிஷத்துக்கு 30 ஆனது. ஒரு மூச்சுக்கு 2 நொடி, வெளியே விட ஒரு நொடி சொச்சம்தான். குழாய் அடைப்போடு அந்த நேரத்துக்குள் காலியாகாது. மிச்சம் தங்கும். அடுத்த மூச்சில் இன்னும் கொஞ்சம் தங்கும். படி முடிந்ததும் முழுதாக இழுக்கச் சொன்னபோது 1.5 லிட்டர்தான் போனது. முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான பழைய காற்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. "நெரிசல் நேரத்துல உள்ள இருக்கறவங்க இறங்கறதுக்குள்ள ஏறப் பார்க்கிற மாதிரி" என்று அவரே சொன்னார். அதைவிட நன்றாக நான் விளக்கியதில்லை.

நுரையீரல் உச்சமட்டத்துக்குப் பக்கத்திலேயே நின்றால் மேலும் விரிய மறுக்கும், விறைப்பாகிவிடும். உதரவிதானம் கீழே அழுத்தப்பட்டுத் தட்டையாகிவிடுவதால் அதன் இழுவிசையும் போய்விடும். முகுளமோ கால் தசைகள் உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடுக்காக மேலும் மேலும் இழுக்கச் சொல்கிறது. கட்டளை இரட்டிப்பாகிறது, விரிவு கொஞ்சமும் கூடவில்லை. மேலே சொன்ன இடைவெளி இங்கே பூதாகரமாகிறது. ஆனால் உள்ளே போகும் அந்தக் கொஞ்சக் காற்றே ரத்தத்தில் ஆக்சிஜனை 96, 97-ல் வைத்திருக்கப் போதும். மீட்டர் சொன்னதும் உண்மை, அவர் சொன்னதும் உண்மை. இரண்டும் வேறு வேறு பொருளை அளக்கின்றன.

இங்கேதான் அவர் செய்துகொண்டிருந்தது அவரையே பழிவாங்கியது. காற்று போதவில்லை என்று தோன்றியதும் வேகவேகமாக, பெரிதாக இழுத்தார். வேகம் கூடினால் வெளியே விடும் நேரம் குறையும், தேக்கம் கூடும், திணறல் கூடும். திணறலோடு பயம் வந்தால் பயமும் மூச்சின் வேகத்தைக் கூட்டும். "டென்ஷன்" என்று சொன்னவர்கள் முழுதாகத் தவறவில்லை, வாலைப் பிடித்துத் தலை என்று சொன்னார்கள். பயம் மூச்சுத்திணறலைப் பெருக்கும், ஆனால் தொடங்கி வைத்தது அவருடைய குழாய்.

எனவே அவருக்குச் சொன்ன முதல் பாடம், இழுப்பதை மறந்துவிட்டு விடுவதைப் பாருங்கள் என்பது. மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். அழுத்தி ஊதக் கூடாது, அழுத்தினால் குழாய் இன்னும் ஒட்டிக்கொள்ளும். குவிந்த உதடு காற்றுக்கு லேசான எதிரழுத்தம் தருவதால் குழாய்கள் திறந்தபடி இருக்கும். மூச்சு 30-லிருந்து 20-க்கு வந்தால், விடும் நேரம் ஒரு நொடி சொச்சத்திலிருந்து இரண்டு நொடியாகிறது. படியேறும்போது நின்ற இடத்தில் இழுத்து, காலைத் தூக்கும்போது விட்டுக்கொண்டே இரண்டு படி ஏறி, மறுபடி நின்று இழுக்க வேண்டும். மூச்சு வாங்கும்போது முன்பக்கம் சாய்ந்து முழங்கையைத் தொடையிலோ மேஜையிலோ ஊன்றினால், வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி அதன் வளைவைக் கொஞ்சம் மீட்டுத்தரும். தோளைச் சுமக்கும் வேலையிலிருந்து விடுபட்ட தசைகளும் மூச்சுக்கு உதவ வரும். அவர் திண்ணையைப் பிடித்துக்கொண்டு நின்றது யாரும் சொல்லித்தராமலே உடம்பு கண்டுபிடித்த அதே வழி.

இரண்டாவது, கையடக்க மின்விசிறி. முகத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தூரத்தில், மூக்கும் மேலுதடும் குளிரும்படி சில நிமிஷம் பிடிக்க வேண்டும். ரத்தத்தில் எதையும் அது மாற்றாது. முகத்து நரம்பு வழியாகக் காற்று வருகிறது என்ற சேதியைக் கூட்டுகிறது, கணக்கில் இடைவெளி குறைகிறது. நூறு, இருநூறு ரூபாய் சமாச்சாரம். 48,000 ரூபாய் மெஷின் முதல் வாரம் அவருக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றியதற்கும் இதே காரணம் இருக்கலாம். ஆக்சிஜன் பெரிதாகக் குறையாத, ஆனால் மூச்சுத்திணறல் தீராத நோயாளிகளுக்கு மூக்குக் குழாயில் ஒரு பிரிவினருக்கு ஆக்சிஜனும் மற்றவர்களுக்கு வெறும் காற்றும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2010-ல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு பக்கமும் நிவாரணம் ஒரே மாதிரிதான். வீட்டில் நீண்டகால ஆக்சிஜன் யாருக்கு வேண்டும் என்றால், நோய் சீராக இருக்கும் காலத்தில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழே நிற்பவர்களுக்கு. அதையும் ரத்த வாயு பரிசோதனையில் உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும். சிஓபிடி முற்றியவர்களில் சிலருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். அவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 வரை, 99 இல்லை.

மூன்றாவது மருந்து. இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிப்பதால் காற்று சீக்கிரம் வெளியேறும், தேக்கம் குறையும். பலருக்கு ஸ்பைரோமெட்ரி எண் கொஞ்சம்தான் மாறும், ஆனால் மூச்சு இழுக்க இடம் கிடைத்துவிடுவதால் நடக்க முடியும். அவர் இன்ஹேலரை அடித்தவுடனே வாயை மூடிக்கொண்டிருந்தார், மருந்து பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றது. மெதுவாக இழுத்து, பத்து நொடி அடக்கி, பிறகு விட வேண்டும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே ஸ்பேசர் குடுவை வைத்துக்கொண்டால் கை தடுமாறினாலும் பாதகமில்லை. அதன்பின் எட்டு வாரம் நடைப் பயிற்சி. நடைப் பயிற்சியால் ஸ்பைரோமெட்ரி எண் ஏறாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். கால் தசை பழகினால் அதே நடைக்கு லாக்டிக் அமிலம் குறைவாக வரும், அமிலம் குறைந்தால் முகுளத்தின் கட்டளை குறையும். கட்டளை குறைந்தால் இடைவெளியும் குறையும். திணறலுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொன்னபோது, முதல் வாரம் ஒரு மாடிக்கு 7 போட்டவர் எட்டாவது வாரம் 4 போட்டார்.

டாக்டரிடம் போகும்போது "மூச்சு வாங்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். முழுதாக இழுக்க முடியவில்லையா, நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறதா, படுத்தால் அதிகமாகிறதா, எத்தனை படியில் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். இறுக்கிப் பிடிப்பது மூச்சுக்குழாய் சுருங்கும் ஆஸ்துமாவில் அதிகம், ஆனால் இதய வலியும் அப்படியே வரும் என்பதால் புதிதாக வந்தால் ஈசிஜி முதலில். படுத்தால் முட்டி, எழுந்து உட்கார்ந்தால் குறைவது பெரும்பாலும் இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோப்பதால். அங்கே நுரையீரலின் நுண்பைகளை ஒட்டியுள்ள நரம்பு முனைகள் எரிச்சலுற்று, வேகஸ் வழியாகவே சேதி போகிறது. நாற்பது தாண்டி, புகையோ விறகடுப்போ பழகியவர் என்றால் ஸ்பைரோமெட்ரியை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆக்சிஜன் இறங்கியும் கார்பன் டை ஆக்சைடு ஏறாமல், நுரையீரலும் விறைப்பாகாமல் இருந்தால் திணறலே தெரியாது. கொரோனா காலத்தில் 80-ஐத் தொட்டவர்கள் போனில் சிரித்துப் பேசியதற்கு இது ஒரு காரணம். அங்கே மீட்டர்தான் துணை. ஆனால் விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தவறும், கறுத்த தோலில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டியும் காட்டும். வழக்கமாக 97 காட்டுபவருக்கு 93 என்றால் அந்த இறக்கமே சேதி.

தூக்க மாத்திரையை அவரிடமிருந்து முதல் நாளே டாக்டர் நிறுத்தச் சொன்னார். மூச்சை இயக்கும் மையத்தையே அது மந்தப்படுத்தும். வீட்டில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் சொல்ல முடியாமல் திணறியவர், மருந்து ஏதும் வேலை செய்யாத நிலையிலேயே சற்று நேரத்தில் அமைதியாகிக் கண் சொருகி, கேட்டதற்குக் குழறினால் மூச்சு சரியாகிவிட்டது என்று போர்வை போர்த்திவிடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு மிகவும் ஏறிவிட்டால் மூளை மயங்கும், தவிப்பும் அதோடு அடங்கிவிடும். சாய்த்து உட்கார வைத்து 108-ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸில் வருபவரிடம் இவர் சிஓபிடி நோயாளி என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.